வெளிநாட்டு சப்ளையரின் வாட் எண்ணை சரிபார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய கம்பெனிகளின் கணக்கு வேலை இன்று பெரிய அளவில் சென்னையிலும் கோவையிலும் நடக்கிறது. வெண்டர் மாஸ்டரில் புதுப் பெயர் ஏற்றும்போதும், முதல் இன்வாய்ஸ் வரும்போதும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றைக் கேட்கப்பட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். உதாரணங்களில் வாங்குபவர் நெதர்லாந்துக் கம்பெனி, விற்பவர் வேறோர் ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனும் இந்தியாவும் கடைசிப் பகுதியில் வரும்.

வாட் எண்ணை சரிபார்க்க எந்த சைட்டுக்குப் போகணும்? அதை யார் நடத்துறாங்க?

ஐரோப்பிய ஆணையம் நடத்தும் வீஸ் சேவைதான் அதிகாரபூர்வமானது. தேடுபெட்டியில் VIES என்று அடித்தால் அதே பெயரில் தனியார் தளங்களும் வரும். முகவரி `ec.europa.eu/taxation_customs/vies` என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணமும் லாகினும் கிடையாது.

வீஸ் தன்னிடம் எந்தப் பட்டியலையும் வைத்திருப்பதில்லை. நீங்கள் BE என்று தேர்ந்தெடுத்தால் அந்த நொடியில் பெல்ஜிய வரித்துறையின் கணினியைக் கேட்டு, அது சொல்வதை உங்களுக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான். பின்னால் வரும் பல கேள்விகளுக்கு விடை இதில்தான் இருக்கிறது. ஒரு நாட்டுக்குப் பெயர் தெரிவதும் இன்னொன்றுக்குத் தெரியாததும், ஒரு நாட்டின் சேவை மட்டும் படுத்துவிடுவதும் இதனால்தான்.

விற்கிறவங்கதானே வாங்குறவங்க எண்ணைப் பார்க்கணும்? நாம வாங்குற ஆள், நாம ஏன் பார்க்கணும்?

விற்பவருக்கு அது சட்டத் தேவை. 2020 ஜனவரி 1 முதல், வாங்குபவரின் செல்லுபடியாகும் வாட் எண் இல்லாமல் வேறு உறுப்பு நாட்டுக்கு அனுப்பும் சரக்கை வாட் போடாமல் விற்க முடியாது. வாங்குபவர் தரப்பில் காரணம் வேறு. பெல்ஜிய சப்ளையர் 4,000 யூரோவுக்கு அட்டைப்பெட்டி அனுப்பி, வாட் போடாமல் இன்வாய்ஸ் தருகிறார் என்றால், நெதர்லாந்துக் கம்பெனி தன் வாட் ரிட்டர்னில் 4b கட்டத்தில் 21 சதவீதம், அதாவது 840 யூரோவைத் தானே வரியாகக் காட்டி, 5b கட்டத்தில் அதையே கழித்துக்கொள்ளும். பணம் கைமாறாது, ஆனால் கணக்கு இரு பக்கமும் பொருந்த வேண்டும். விற்பவர் தன் நாட்டில் கொடுக்கும் வாடிக்கையாளர் பட்டியலையும் உங்கள் ரிட்டர்னையும் வரித்துறைகள் ஒப்பிடுகின்றன.

விற்பவருக்கு வாட் பதிவே இல்லையென்றால் அவர் இப்படி இன்வாய்ஸ் போடவே முடியாது. இதைவிடப் பெரிய விஷயம் மோசடி. சப்ளை சங்கிலியில் வரி ஏய்ப்பு இருப்பது வாங்குபவருக்குத் தெரிந்திருந்தாலோ, தெரிந்திருக்க வேண்டும் என்று கருதப்பட்டாலோ, அவர் வரிக் கழிவை இழப்பார் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2006-இல் கிட்டெல் வழக்கில் சொல்லிவிட்டது. 'தெரிந்திருக்க வேண்டும்' என்ற பேச்சு வரும்போது, எண்ணைக்கூட பார்க்கவில்லை என்று சொல்ல நேர்ந்தால் நிலைமை நன்றாக இருக்காது.

சரி, எப்படிப் பார்க்கிறது? ஸ்டெப் ஸ்டெப்பா சொல்லுங்க.

முதலில் சப்ளையரின் நாட்டைத் தேர்ந்தெடுங்கள். நாட்டு எழுத்துகள் இரண்டும் அந்தப் பட்டியலிலேயே வந்துவிடுவதால், எண் பெட்டியில் மீதியை மட்டும் அடித்தால் போதும். அதற்குக் கீழே கேட்பவரின் நாடு, கேட்பவரின் வாட் எண் என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். கட்டாயமில்லை என்பதால் எல்லோரும் தாண்டிப் போகிற இடம் இதுதான். தாண்டாதீர்கள். அங்கே வாங்கும் கம்பெனியின் சொந்த வாட் எண்ணைப் போட்டால்தான் முடிவோடு ஒரு கன்சல்டேஷன் எண் வரும். போடாவிட்டால் முடிவு மட்டும் வரும், நீங்கள் பார்த்ததற்கு அடையாளம் எதுவும் இருக்காது.

முடிவுப் பக்கத்தில் செல்லுமா இல்லையா, கேட்ட தேதியும் நேரமும், பெயர், முகவரி, கன்சல்டேஷன் எண் ஆகியவை இருக்கும். அந்தப் பக்கத்தை அப்படியே பிடிஎஃப் ஆக எடுத்து வெண்டர் கோப்பில் போடுங்கள். எண்ணை மட்டும் எக்செல்லில் குறித்துவைப்பது அரைவேலை.

நீங்கள் சென்னையில் உட்கார்ந்து பார்த்தாலும், கேட்பவர் பெட்டியில் போட வேண்டியது எந்தக் கம்பெனிக்காக வாங்குகிறீர்களோ அதன் ஐரோப்பிய எண். ஒரு குழுமத்தில் ஐந்து கம்பெனி இருந்தால், இன்வாய்ஸ் யார் பெயரில் வருகிறதோ அவர் எண்.

இன்வாய்ஸ்ல மூணு நாலு எண் இருக்கு. எது வாட் எண்?

ஜெர்மன் இன்வாய்ஸில் இந்தக் குழப்பம் அதிகம். `Steuernummer` என்று சாய்கோடுகளோடு இருப்பது உள்ளூர் வரி அலுவலகக் கோப்பு எண். அதை வீஸில் போட்டுப் பயனில்லை. `HRB` என்று தொடங்குவது கம்பெனிப் பதிவு எண். உங்களுக்கு வேண்டியது `USt-IdNr.` என்பதற்கு எதிரே, DE-க்குப் பிறகு 9 இலக்கங்களோடு இருப்பது.

2024 நவம்பரிலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. `W-IdNr.` என்ற தொழில் அடையாள எண்ணும் DE-யோடு 9 இலக்கம்தான், பின்னால் -00001 போல ஒரு வால் இருக்கும். சப்ளையருக்கு வாட் எண் இருந்தால் வாலுக்கு முன்னால் இருப்பது அதே எண்ணாக இருக்கும். ஆனால் வாட் எண்ணே வாங்காத சிறுதொழில்காரருக்கும் இந்த எண் தரப்படுகிறது. எனவே வாலை வெட்டிவிட்டு வாட் எண் பெட்டியில் ஏற்றிவிடாதீர்கள். வீஸ் செல்லாது என்று சொன்னால், அவருக்கு வாட் எண் இல்லை என்றுதான் பொருள்.

நெதர்லாந்தில் தனிநபர் தொழில் செய்பவர்களிடம் வேறு பிரச்சினை. 2020-க்கு முன் அவர்கள் வாட் எண்ணுக்குள் அவர்களுடைய குடிமக்கள் எண்ணே இருந்தது. அந்தரங்கக் காரணத்தால் புது எண் கொடுக்கப்பட்டது. பழைய எண் வரி அலுவலகத்தோடு கடிதப் போக்குவரத்துக்கு மட்டும். பழைய இன்வாய்ஸ் டெம்ப்ளேட்டை மாற்றாமல் விட்டவர்களின் எண் வீஸில் செல்லாது என்றே வரும்.

புள்ளி, ஸ்பேஸ் எல்லாம் அடிக்கணுமா?

வேண்டாம். எழுத்தும் இலக்கமும் மட்டும் போதும். ஆனால் எண்ணின் பகுதியாக இருக்கும் எழுத்தை விட்டுவிடக் கூடாது. நெதர்லாந்து எண்ணில் நடுவில் B உண்டு, NL123456789B01 என்ற வடிவம். ஆஸ்திரியாவில் AT-க்குப் பிறகு U வரும், பிறகு 8 இலக்கம். கிரீஸின் முன்னெழுத்து EL. GR என்று எக்செல்லில் நாட்டுக் குறியீட்டிலிருந்து தானாக ஒட்டினால் எல்லா கிரேக்க சப்ளையரும் செல்லாதவராகிவிடுவார்.

எக்செல்லின் இன்னொரு கைவரிசை, முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தின்றுவிடுவது. பெல்ஜிய எண் 10 இலக்கம், பெரும்பாலும் 0-வில் தொடங்கும். செல் டெக்ஸ்ட் வடிவத்தில் இல்லாவிட்டால் 9 இலக்கம்தான் மிஞ்சும்.

'செல்லாது'ன்னு வந்துடுச்சு. சப்ளையர் ஃப்ராடா?

பெரும்பாலும் தட்டச்சுப் பிழைதான். சப்ளையருக்கு மெயில் அனுப்புவதற்கு முன் காகிதத்திலேயே ஒரு சோதனை செய்துவிடலாம், ஏனென்றால் பல நாட்டு எண்களில் கடைசி இலக்கங்கள் கணக்கால் வருபவை. பெல்ஜியத்தில் இது மிக எளிது. முதல் 8 இலக்கத்தை 97-ஆல் வகுத்து, மீதியை 97-இலிருந்து கழித்தால் வருவதே கடைசி இரண்டு இலக்கம்.

உதாரணத்துக்கு இன்வாய்ஸில் BE 0124.356.749 என்று இருக்கிறது, வீஸ் செல்லாது என்கிறது. முதல் எட்டு இலக்கம் 01243567. இதை 97-ஆல் வகுத்தால் மீதி 27. 97 − 27 = 70. ஆனால் எண்ணின் முடிவில் இருப்பது 49. ஆக இந்த எண் யாருக்கும் கொடுக்கப்பட்டிருக்கவே முடியாது. சப்ளையரின் லெட்டர்ஹெட்டைப் பார்த்தால் 0123.456.749 என்று இருக்கிறது. 01234567-ஐ வகுத்தால் மீதி 48, 97 − 48 = 49. பொருந்துகிறது. 3-உம் 4-உம் இடம் மாறியிருக்கின்றன. (இவை கணக்குக் காட்ட எடுத்த எண்கள், எந்தக் கம்பெனியுடையதும் அல்ல.) ஒரு இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் இந்தக் கணக்கு கட்டாயம் பிடித்துவிடும்.

திருத்திய எண்ணை வீஸில் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். கணக்கு பொருந்துவது எண்ணின் வடிவம் சரி என்பதற்குத்தான் சாட்சி. பிறகு சப்ளையரிடம் திருத்திய இன்வாய்ஸ் கேளுங்கள். வெண்டர் மாஸ்டரில் மட்டும் சரிசெய்துவிட்டு இன்வாய்ஸை அப்படியே விட்டால், ஆடிட்டில் கையில் இருப்பது தவறான எண் உள்ள இன்வாய்ஸ்தான்.

கணக்கெல்லாம் சரியா வருது, சப்ளையரும் எண் சரின்னு சத்தியம் பண்றார். அப்புறமும் செல்லாதுன்னா?

வீஸ் சொல்லும் வாசகத்தை முழுதாகப் படியுங்கள்: `No, invalid VAT number for cross border transactions within the EU`. அதாவது எல்லை தாண்டிய வியாபாரத்துக்குச் செல்லாது. உள்நாட்டில் வாட் எண் முழு உயிரோடு இருக்கலாம். ஸ்பெயின், இத்தாலி, போலந்து ஆகிய நாடுகளில் எல்லை தாண்டி விற்பவர் தனியாக அதற்குப் பதிய வேண்டும். ஸ்பெயினில் அந்தப் பதிவேட்டுக்கு ROI என்று பெயர். உள்ளூரில் மட்டும் விற்றுவந்த ஸ்பானியக் கம்பெனி முதல் தடவை வெளிநாட்டுக்கு விற்கும்போது இதில் பதியாமல் இருப்பது சாதாரணம். அவரிடம் 'உங்கள் எண் தவறு' என்று எழுதினால் பதிலுக்கு உள்ளூர்ச் சான்றிதழை அனுப்பிவைப்பார். 'ROI-இல் பதிந்திருக்கிறீர்களா?' என்று கேட்டால் விஷயம் ஒரே மெயிலில் முடியும்.

பெல்ஜியத்தில் வேறு மாதிரி. அங்கே கம்பெனி எண்ணும் வாட் எண்ணும் ஒரே பத்து இலக்கம். கம்பெனி பதிவாகியிருக்கும், ஆனால் வாட்டுக்குள் வந்திருக்காது. `kbopub.economie.fgov.be` என்ற பொதுப் பதிவேட்டில் எண்ணைத் தேடினால் கம்பெனி இயங்குகிறதா என்பதோடு, வாட்டுக்கு உட்பட்டவர் என்று பொருள்படும் `Onderworpen aan btw` என்ற வரியும் எந்தத் தேதியிலிருந்து என்பதும் தெரியும். அந்த வரி இல்லாவிட்டால் வாட் பதிவு இல்லை.

மூன்றாவது வாய்ப்பு, அவர் சிறுதொழில் விலக்கில் இருக்கலாம். அப்போது அவர் வாட் போடாததற்குக் காரணம் அந்த விலக்குதான். வாங்குபவரே வரியைக் காட்டும் ரிவர்ஸ் சார்ஜுக்கு அங்கே இடமில்லை. இன்வாய்ஸில் எந்தக் காரணம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 2025 முதல் வேறு நாட்டிலும் இந்த விலக்கைப் பயன்படுத்துபவர்களுக்கு முடிவில் EX என்று வரும் எண் தரப்படுகிறது. அது வாட் எண் அல்ல. வீஸில் தேடி ஏமாற வேண்டாம். அப்படிப்பட்டவரிடம் சரக்கு வாங்கினால் மேலே சொன்ன 4b கணக்கும் பொருந்தாது.

செல்லும்னு வந்துச்சு, ஆனா பெயர் இருக்குற இடத்துல வெறும் கோடு. ஏன்?

சப்ளையர் ஜெர்மனி அல்லது ஸ்பெயின் என்றால் இதுதான் வழக்கம். அந்த இரண்டு நாடுகளும் வீஸ் வழியாகப் பெயரையும் முகவரியையும் தருவதில்லை. சேவையில் கோளாறு ஒன்றுமில்லை, மறுபடி மறுபடி அழுத்தவும் வேண்டாம்.

ஆனால் உங்கள் வேலை அங்கே முடிந்துவிடவில்லை. செல்லும் எண் ஒன்று இருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருக்கிறது, அது இந்த சப்ளையருடையதா என்பது தெரியவில்லை. ஜெர்மன் கம்பெனியானால் அதன் இணையதளத்தில் `Impressum` என்ற பக்கம் இருக்கும், வாட் எண் வைத்திருப்பவர் அதை அங்கே போடச் சட்டம் சொல்கிறது. அங்குள்ள எண்ணை இன்வாய்ஸோடு ஒப்பிடுங்கள். அதே பக்கத்தில் இருக்கும் HRB எண்ணை `handelsregister.de`-இல் போட்டுப் பெயர், முகவரி, கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டதா என்பதையும் பாருங்கள், 2022 ஆகஸ்ட் முதல் அது இலவசம்.

பெயர் வருது, ஆனா இன்வாய்ஸ்ல இருக்கிற பெயர் இல்ல.

எல்லா வித்தியாசமும் ஆபத்தில்லை. கடைப்பெயர் ஒன்றும் பதிவுப் பெயர் வேறுமாக இருக்கலாம். கிரேக்கம், பல்கேரியா போன்ற நாடுகளுக்குப் பெயர் அவர்கள் எழுத்திலேயே வரலாம். நெதர்லாந்தில் ஒரே குழுமத்தின் பல கம்பெனிகள் வரிக்கு ஒரே ஆளாகப் பதிந்திருந்தால், `Fiscale eenheid` என்று தொடங்கும் கூட்டுப் பெயர் வரும். இதெல்லாம் சப்ளையரிடம் ஒரு வரி விளக்கம் வாங்கிக் கோப்பில் வைத்தால் தீரும்.

கவலைப்பட வேண்டியது, பெயரும் ஊரும் இரண்டுமே சம்பந்தமில்லாமல் இருப்பது. ஆண்ட்வெர்ப் அட்டைப்பெட்டிக் கம்பெனியின் எண் லீஜ் நகரத்து உணவகத்தின் பெயரைக் காட்டினால், விளக்கம் வரும்வரை பணத்தை நிறுத்திவையுங்கள்.

செல்லும், பெயரும் பொருந்துது. இனி பணம் அனுப்பிடலாம்தானே?

வாட் எண் ரகசியம் இல்லை. முன்பு சொன்ன `Impressum` பக்கத்திலிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்து, அந்தப் பெயரில் இன்வாய்ஸ் அச்சடித்து, கீழே தன் வங்கிக் கணக்கைப் போடலாம். வீஸ் எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லும். அந்தக் கணக்கு யாருடையது என்பது அதற்குத் தெரியாது.

போலந்து சப்ளையர் என்றால் நல்வாய்ப்பு. அங்கே வாட் செலுத்துவோரின் வெள்ளைப் பட்டியலை நிதித்துறை இணையத்தில் வைத்திருக்கிறது. எண்ணைப் போட்டால், நீங்கள் கேட்கும் தேதியில் அவர் பதிவு இயங்கியதா என்பதோடு, அவர் தெரிவித்த வங்கிக் கணக்குகளும் வரும். இன்வாய்ஸ் கணக்கு அதில் இருக்கிறதா என்று நேரே பார்த்துவிடலாம். செக் குடியரசிலும் இதே போல வரித்துறைப் பதிவேட்டில் கணக்கு எண்கள் வெளியிடப்படுகின்றன. மற்ற நாடுகளுக்கு, இன்வாய்ஸில் அச்சிட்ட எண்ணை விட்டுவிட்டு, நீங்களே வேறு வழியில் கண்டுபிடித்த தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கம்பெனி நெதர்லாந்து, ஆனா வாட் எண் DE-ல தொடங்குது. இது எப்படி?

எண்ணின் முன்னெழுத்து, எங்கே வாட்டுக்குப் பதிந்திருக்கிறார் என்பதைச் சொல்கிறது. தலைமையகம் எங்கே என்று அதிலிருந்து முடிவு செய்ய முடியாது. ஜெர்மனியில் கோடவுன் வைத்து அங்கிருந்து சரக்கு அனுப்பும் நெதர்லாந்துக் கம்பெனி ஜெர்மன் எண் வைத்திருப்பது இயல்பு. ஒரே கம்பெனி ஐந்து நாட்டு எண் வைத்திருப்பதும் உண்டு.

ஆகவே சரக்கு எங்கிருந்து கிளம்பியது என்று டெலிவரி சீட்டைப் பாருங்கள். வேறு நாட்டு வாங்குபவருக்கு வாட் இல்லாமல் அனுப்புகிறார் என்றால், சரக்கு புறப்பட்ட நாட்டின் எண் இன்வாய்ஸில் இருக்க வேண்டும். சரக்கு போலந்திலிருந்து கிளம்பி, இன்வாய்ஸில் DE எண் மட்டும் இருந்தால், வீஸ் அதைச் செல்லும் என்று சொன்னாலும் கேள்வி கேட்கத்தான் வேண்டும். வெண்டர் மாஸ்டரில் ஒரு சப்ளையருக்கு ஒரே வாட் எண் பெட்டி என்று வைத்திருக்கும் சிஸ்டங்களில் இந்தத் தவறு கண்ணில் படவே படாது.

சர்வீஸ் கிடைக்கலைன்னு வருது. ஸ்கிரிப்ட் போட்டு செக் பண்ணினா பாதி சப்ளையர் செல்லாதவங்கன்னு காட்டுது.

முதல் பதிலில் சொன்னபடி வீஸ் அந்தந்த நாட்டுக் கணினியைத்தான் கேட்கிறது. அந்த நாடு பதில் தராவிட்டால் `MS_UNAVAILABLE` என்றும், ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிக் கேள்விகள் போனால் `MS_MAX_CONCURRENT_REQ` என்றும் வரும். இரண்டுமே எண்ணைப் பற்றி எதையும் சொல்லவில்லை. சில மணி நேரம் கழித்து மறுபடி கேளுங்கள்.

ஸ்கிரிப்டில் வரும் தவறு எப்போதும் ஒரே இடத்தில்தான். கேள்வி இப்படிப் போகும்:

```
GET https://ec.europa.eu/taxation_customs/vies/rest-api/ms/BE/vat/0123456749
```

பதிலில் `isValid` என்ற புலத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். நாட்டின் சேவை படுத்திருக்கும்போதும் அது `false` என்றே இருக்கும். பக்கத்தில் `userError` என்று இன்னொரு புலம் இருக்கிறது. அது `INVALID` என்றால் மட்டும் செல்லாது. `MS_UNAVAILABLE`, `TIMEOUT` போன்றவை என்றால் 'இன்னும் தெரியவில்லை' என்று மூன்றாவது நிலையாகப் பதிந்து, வரிசையில் மறுபடி போடுங்கள். ஆயிரம் எண்களை ஒரே நேரத்தில் இறக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டு அனுப்புங்கள்.

போன வருஷம் மார்ச்ல செல்லுபடியா இருந்ததான்னு வீஸ்ல பார்க்க முடியுமா?

முடியாது. இன்றைய நிலையை மட்டும்தான் அது சொல்லும். அன்று நீங்கள் கேட்டிருந்தால் அந்த கன்சல்டேஷன் எண்ணும் பிடிஎஃப்பும்தான் சான்று. கேட்டிருக்கவில்லையென்றால் பின்தேதியிட்டு உருவாக்க வழியில்லை. போலந்து வெள்ளைப் பட்டியல் போல ஒருசில உள்நாட்டுப் பதிவேடுகளில்தான் பழைய தேதிக்குத் தேட முடியும்.

இதனால்தான் வெண்டர் ஏற்றும்போது ஒருமுறை பார்த்தது போதாது. தொடர்ந்து வாங்கும் சப்ளையர்களை மாதாமாதம் மொத்தமாக ஓடவிட்டும், பெரிய தொகையானால் பணம் அனுப்பும் நாளில் தனியாகவும் பார்ப்பது நியாயமான நடைமுறை. வங்கிக் கணக்கோ முகவரியோ மாறியதாக மெயில் வந்தால், தேதியைப் பார்க்காமல் உடனே பாருங்கள்.

GB-ல தொடங்குற எண்ணை வீஸ் ஏத்துக்க மாட்டேங்குது.

2021 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ் எண்கள் வீஸில் இல்லை. `gov.uk` தளத்தில் பிரிட்டிஷ் வரித்துறையின் சரிபார்ப்புப் பக்கம் இருக்கிறது. அது பெயரையும் முகவரியையும் தரும். கேட்பவரிடம் பிரிட்டிஷ் வாட் எண் இருந்தால் அதையும் போட்டு, கேட்டதற்குச் சான்றாக ஓர் எண் வாங்கலாம்.

வட அயர்லாந்து மட்டும் இரண்டிலும் கால் வைத்திருக்கிறது. அங்குள்ள வியாபாரி சரக்கு விற்கும்போது அதே இலக்கங்களுக்கு முன் XI போட்டுக்கொள்வார், அது வீஸில் கிடைக்கும். சேவைக்கு XI கிடையாது. பெல்ஃபாஸ்ட் கன்சல்டன்ட் XI எண்ணோடு சேவைக் கட்டண இன்வாய்ஸ் அனுப்பினால் அது தவறு. சுவிட்சர்லாந்துக்கு `uid.admin.ch` என்ற தனிப் பதிவேடு உண்டு, எண் CHE-யில் தொடங்கும்.

எண் EU-ல தொடங்குது, இன்னொன்னு IM-ல தொடங்குது. நாட்டுப் பட்டியல்ல ரெண்டும் இல்லையே?

இவை நாட்டு எண்கள் அல்ல. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள கம்பெனி, ஐரோப்பிய நுகர்வோருக்கு டிஜிட்டல் சேவை போன்றவற்றை விற்று ஒரே இடத்தில் வரி கட்டப் பதியும்போது EU எண் பெறும். IM என்பது நுகர்வோருக்கு அனுப்பும் சிறு பார்சல்களுக்கானது. வீஸில் இரண்டையும் சரிபார்க்க முடியாது. இரண்டுமே கம்பெனிக்குக் கம்பெனி விற்பனைக்கு உரியவை அல்ல. மென்பொருள் சந்தா இன்வாய்ஸில் EU எண்ணும் 21 சதவீத வாட்டும் இருந்தால், சப்ளையர் உங்களை நுகர்வோராகப் பதிந்திருக்கிறார். அக்கவுன்ட் அமைப்பில் கம்பெனியின் வாட் எண்ணை ஏற்றி, இன்வாய்ஸைத் திருத்திக் கேளுங்கள்.

நாங்க இந்தியக் கம்பெனி, ஐரோப்பாவுல பதிவே இல்ல. நாங்களும் இதைப் பார்க்கணுமா?

ஜிஎஸ்டிக்காக என்றால் தேவையில்லை. சேவை இறக்குமதிக்கு ரிவர்ஸ் சார்ஜில் ஐஜிஎஸ்டி நீங்களே கட்டுகிறீர்கள், சரக்குக்குச் சுங்கத்தில் கட்டுகிறீர்கள். சப்ளையரின் வாட் எண் அதில் எங்கும் நுழைவதில்லை. இன்வாய்ஸில் ஐரோப்பிய வாட் இருந்தாலும் அதை இன்புட் கிரெடிட்டாக எடுக்க முடியாது.

ஆனால் அட்வான்ஸ் அனுப்பும் முன் கம்பெனி நிஜமா என்று பார்க்க வீஸ் பயன்படும். கேட்பவர் பெட்டிகளைக் காலியாக விடுங்கள், ஜிஎஸ்டி எண் அங்கே செல்லாது, கன்சல்டேஷன் எண்ணும் கிடைக்காது. பணம் அனுப்புவது பற்றி மேலே சொன்ன எச்சரிக்கை உங்களுக்கு இரண்டு மடங்கு பொருந்தும்.

எண் செல்லாது, ஆனா சப்ளையர் பெல்ஜிய வாட் 21% போட்டுட்டார். பணமும் போயிடுச்சு. நெதர்லாந்து ரிட்டர்ன்ல கழிக்கலாமா?

முடியாது. நெதர்லாந்து ரிட்டர்னில் கழிப்பது நெதர்லாந்து வாட் மட்டுமே. சரியாகப் போடப்பட்ட பெல்ஜிய வாட் என்றால் நெதர்லாந்து வரித்துறையின் தளம் வழியாகத் திரும்பக் கேட்கலாம். போட்டிருக்கவே கூடாத வாட் அந்த வழியில் திரும்பாது, சப்ளையரிடமிருந்துதான் வாங்க வேண்டும்.

எனவே முதலில் எண் ஏன் செல்லவில்லை என்பதைக் கண்டுபிடியுங்கள். அவர் வாட்டுக்குள் இருந்து, தட்டச்சுப் பிழையால் எண் மட்டும் தவறாக அச்சாகியிருந்து, சரக்கு நெதர்லாந்துக்கு வந்ததற்கான சீட்டும் உங்கள் எண்ணும் கையில் இருந்தால், கிரெடிட் நோட்டும் வாட் இல்லாத புது இன்வாய்ஸும் கேளுங்கள், உங்கள் பக்கம் 4b-இல் காட்டிவிடுங்கள். அவர் வாட்டுக்குள்ளேயே இல்லையென்றால், பதிவில்லாமல் வரி என்று சொல்லி, முன்பு பார்த்த 4,000 யூரோ உதாரணமானால் 840 யூரோ வசூலித்திருக்கிறார். அது வரித்துறைக்குப் போனதா என்பதும் சந்தேகம். அடுத்த இன்வாய்ஸை நிறுத்திவைத்து, கடிதப் போக்குவரத்தையும் வீஸ் முடிவையும் சேர்த்து வாங்கும் கம்பெனியின் வரி ஆலோசகரிடம் கொடுங்கள்.